வைர மோதிரத்தில் பவுண் எவ்வளவு, கல் எவ்வளவு: 18 கரட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் அத்தானின் நகைப் பட்டறையில் நான் கணக்கு எழுதுகிறேன். நகை செய்வது அவர், தராசு பார்ப்பதும் பில் எழுதுவதும் நான். நமது ஊரில் காப்பும் சங்கிலியும் வாங்கிப் பழகியவர்கள் முதன்முதலாக வைர மோதிரம் வாங்கும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். வருகிறவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதி, கீழே பதிலும் தந்திருக்கிறேன்.

எங்கட அம்மா 22 கரட்டைத் தவிர வேற ஒண்டையும் பவுண் எண்டு சொல்ல மாட்டா. 18 கரட் உண்மையான பவுணா?

உண்மையான பவுண்தான், ஆனால் கலப்பு கூட. சுத்தத் தங்கத்தை 24 பங்கு என்று வைத்தால், 22 கரட்டில் 22 பங்கு தங்கம், 2 பங்கு வேறு உலோகம். 18 கரட்டில் 18 பங்கு தங்கம், 6 பங்கு வேறு உலோகம். நூற்றுக்குச் சொன்னால் முன்னையது ஏறத்தாழ 91.6, பின்னையது சரியாக 75. நகையின் உட்பக்கம் 916 அல்லது 750 என்று அடித்திருப்பது இதைத்தான்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நமது ஊரில் அடகு வைப்பதும், மாற்றுவதும், சீதனக் கணக்குப் பேசுவதும் 22 கரட்டை வைத்துத்தான். அந்தக் கணக்கிற்குள் 18 கரட் வந்தால் மாற்றிக் கணக்குப் போட வேண்டும். அதை யாரும் செய்து காட்டாததால்தான் ‘இது பவுண் இல்லை’ என்ற பேச்சு வருகிறது.

பில்லில ஓரிடத்தில 18 கரட் எண்டு கிடக்கு, இன்னோரிடத்தில 0.80 கரட் எண்டு கிடக்கு. எது சரி?

இரண்டும் சரி. பவுணுக்குச் சொல்லும் கரட் தரத்தைக் குறிக்கும், கல்லுக்குச் சொல்லும் கரட் நிறையைக் குறிக்கும். நம்மவர்கள் குன்றிமணி வைத்து நிறுத்ததுபோல மத்தியதரைக் கடல் பக்கத்தில் கரோப் என்ற மரத்தின் விதையை வைத்து நிறுத்தார்கள். இரண்டு கரட்டும் அந்த விதையின் பெயரிலிருந்து வந்தவை. கல்லின் கரட் 200 மில்லிகிராம் என்று 1907 இல் சர்வதேச அளவில் முடிவானது. அதாவது 5 கரட் சேர்ந்தால் 1 கிராம். ஒரு கரட்டை நூறாகப் பிரித்தால் வருவது சென்ட், 50 சென்ட் கல் என்றால் அரைக் கரட்.

இந்தப் பெயர்க் குழப்பம் சும்மா விளையாட்டு இல்லை. இதனால் காசு போன கதை கீழே வருகிறது.

ஏன் 22 கரட்டிலயே வைரத்தைப் பதிச்சுத் தர ஏலாதோ?

ஏலும், ஆனால் கல் நிற்காது. இன்றைய வைர மோதிரத்தில் கல்லைப் பிடித்திருப்பது நான்கு அல்லது ஆறு மெல்லிய பற்கள். ஒவ்வொரு பல்லும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தான். கல்லின் இடுப்பு உட்காருவதற்குப் பல்லின் உள்பக்கம் சிறு வெட்டு ஒன்று போடுவார்கள், அந்த இடத்தில் பல் இன்னும் மெலிந்துவிடும். பிறகு நுனியை மடித்துக் கல்லின் மேல் அழுத்துவார்கள். அவ்வளவுதான் பிடி. அந்த நுனி தலைமுடியில் சிக்கும், கதவுப் பிடியில் தட்டும், தேங்காய் திருவும்போது திருவலையில் உரசும். 22 கரட் பல் இதற்கெல்லாம் ஒவ்வொரு முறையும் தலைமயிர் அளவு விலகிக்கொடுக்கும். பார்வைக்குத் தெரியாது. ஒருநாள் கல் இருந்த இடம் குழியாக இருக்கும்.

18 கரட் ஏன் விலகாது என்றால் அதில் உள்ள செம்பினால். தங்கத்தின் அணுவைவிடச் செம்பின் அணு சிறியது. ஒரே அளவான உருண்டைகளை அடுக்கித் தள்ளினால் ஒரு வரிசை மற்ற வரிசைமேல் இலகுவாகச் சறுக்கும், இடையில் சிறிய உருண்டைகள் கலந்திருந்தால் சறுக்கல் தடைப்படும். வெள்ளியின் அணு தங்கத்தின் அளவேதான், ஆகவே வெள்ளியை மட்டும் கலந்தால் அவ்வளவு உறுதி வராது. வெள்ளியின் வேலை பெரும்பாலும் நிறம், செம்பின் சிவப்பை அது மட்டுப்படுத்தும். 22 கரட்டில் கலப்புக்கு இருக்கும் இடம் நூற்றுக்கு எட்டரைகூட இல்லை, 18 கரட்டில் 25 இருக்கிறது. மஞ்சள் 18 கரட் 22 கரட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கடினமாக வருவது அதனால்.

22 கரட் பல்லைத் தடிப்பாகச் செய்தால் என்ன என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அரைக் கரட் கல்லின் விட்டமே ஐந்து மில்லிமீற்றர் சொச்சம்தான். தடித்த பற்கள் நான்கு ஏறினால் காசு கொடுத்து வாங்கிய கல்லில் பாதி மறைந்துபோகும்.

அப்ப எங்கட அம்மம்மாட 22 கரட் கல்லுத் தோடு அறுபது வருசமா அப்பிடியே கிடக்கே?

கிடக்கும், ஏனென்றால் அந்தத் தோட்டில் பல் இல்லை. பின்பக்கம் மூடி, கல்லைச் சுற்றித் தகட்டை எழுப்பி, விளிம்பை உள்ளே தள்ளி அடைத்திருப்பார்கள். கல்லின் சுற்றளவு முழுவதையும் பவுண் பிடித்திருக்கிறது. இந்த வேலைக்கு மென்மையான உலோகம் நல்லது, தள்ளினால் படிய வேண்டும் அல்லவா. அதோடு தோடு காதில் இருப்பது, மோதிரம்போல நாள் முழுக்க எதிலும் முட்டுவதில்லை.

ஆனால் அந்தப் பதிப்பில் கல்லுக்குள் வெளிச்சம் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் போகாது, பின்பக்கத்தைத் துடைக்கவும் முடியாது. திறந்த பதிப்பு வந்ததே கல் மின்ன வேண்டும் என்பதற்காக. திறந்து வைத்தால் பல் வேண்டும், பல் என்றால் உறுதியான உலோகம் வேண்டும்.

வெள்ளையா இருக்கிறது வெள்ளைத் தங்கமாம். அதில பவுண் குறைவோ?

18 கரட் என்று சொன்னால் அதிலும் 75 வீதம் தங்கமே. மிச்சம் 25 இல் செம்பு, வெள்ளியோடு மஞ்சளை வெளுக்க வைக்கும் பலேடியம் அல்லது நிக்கல் இருக்கும். அப்படியும் சாடையான மஞ்சள் மிஞ்சும் என்பதால் மேலே ரோடியம் முலாம் பூசுவார்கள். அது தேயும், சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டிவரும். கவரிங் கொடுத்துவிட்டார்கள் என்று பயப்படத் தேவையில்லை.

சிலருக்கு நிக்கல் தோலில் கடி உண்டாக்கும், வாங்கும்போதே கேளுங்கள். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் நீச்சல் குளத்தில் இறங்குவதென்றால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். குளோரின் நீர் நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில் மெல்லிய வெடிப்பை உண்டாக்கும், அதுவும் வளைத்து அழுத்திய பல்லில்தான் முதலில் வரும்.

கடையில 420,000 எண்டு ஒரே விலையாச் சொல்றாங்கள். அதில பவுணுக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

ஒரு தங்கை இதே கேள்வியோடு மோதிரத்தைக் கொண்டு வந்தார். அதையே எடுத்துப் பார்ப்போம். மொத்த நிறை 4.36 கிராம். நடுவில் 50 சென்ட் கல் ஒன்று, இரு பக்கமும் சேர்த்து 3 சென்ட் கல் பத்து. கற்கள் எல்லாம் 0.80 கரட். இதை 0.2 ஆல் பெருக்கினால் 0.16 கிராம். அதை மொத்தத்தில் கழித்தால் உலோகம் 4.20 கிராம். அதில் 75 வீதம் சுத்தத் தங்கம், ஆக 3.15 கிராம்.

தங்க விலை நாளுக்கு நாள் மாறுவதால், 24 கரட் கிராம் 40,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்கிறேன். 3.15 கிராமுக்கு 126,000 ரூபாய். பவுணின் பெறுமதி அவ்வளவுதான். கடையில் 22 கரட் விலை மட்டும் எழுதியிருந்தால் அதை 22 ஆல் பிரித்து 18 ஆல் பெருக்கினால் 18 கரட் விலை வரும்.

மிச்சம் 294,000. இதைக் கூலி, நடுக்கல், பக்கக் கற்கள் என்று மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள் என்று தங்கையை அனுப்பினேன். கூலியும் சேதாரமும் 34,000, நடுக்கல் 200,000, பக்கக் கற்கள் 60,000 என்று எழுதி வாங்கி வந்தார். இப்போதுதான் இன்னொரு கடையின் விலையோடு ஒப்பிட முடியும். ஒரே தொகையாக இருக்கும்வரை இரண்டு கடைகளை ஒப்பிடுவது குருடன் யானை பார்த்த கதைதான்.

கல்லோட சேர்த்து நிறுத்தா அப்பிடி என்ன பெரிய நட்டம்? கல்லு பஞ்சு மாதிரித்தானே?

வைரத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பாதி உண்மை. மேலே சொன்ன மோதிரத்தை முழுதாக 22 கரட் விலையில் நிறுத்தால் 159,867 ரூபாய் வரும், உண்மையான பெறுமதியைவிட 33,867 கூட. இதில் கல்லைப் பவுணாக நிறுத்ததால் வந்தது 5,867 மட்டுமே. மிச்சம் 28,000 வந்தது 18 கரட்டை 22 கரட் விலையில் போட்டதால். ஆட்கள் கல் நிறையைப் பற்றித்தான் சண்டை பிடிப்பார்கள், கரட்டைப் பார்க்க மாட்டார்கள்.

விற்கப் போகும்போது இது மறுபக்கம் திரும்பும். பில்லில் ‘கல் 0.80’ என்று மட்டும் எழுதி, கரட்டா கிராமா என்று எழுதாமல் விட்டிருந்த ஒரு மோதிரத்தை எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே 0.80 கிராமைக் கழித்துவிட்டார்கள். தங்கையின் மோதிரத்தில் அப்படிச் செய்தால் உலோகம் 4.20 க்குப் பதிலாக 3.56 கிராம் ஆகிவிடும், அந்த விலையில் 19,200 ரூபாய் நட்டம். வேண்டுமென்று செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா, அது வேறு கதை. பில்லில் கல் நிறையைக் கரட்டிலும் கிராமிலும் இரண்டாக எழுதி வாங்குங்கள்.

வெள்ளைக் கல், மாணிக்கம், நீலம் பதித்த பெரிய பதக்கம் என்றால் கல் நிறையே பெரிதாக வரும். உட்பக்கம் அரக்கு நிரப்பிய பழைய நகையில் இன்னும் மோசம். அங்கே சண்டை பிடிக்கத்தான் வேண்டும்.

பட்டறையில பதிக்க முதல் மோதிரத்தை நிறுத்துக் காட்டினவங்கள். அந்த நிறைக்கே காசு குடுத்தாச் சரிதானே?

சரியில்லை. வார்த்து எடுத்த மோதிரம் கல் பதிக்கும்போது அரம் பிடிக்கப்படும், பற்கள் வெட்டப்படும், கடைசியில் மெருகு போடப்படும். அந்தத் தூள் பட்டறையில் நின்றுவிடும், பத்தர் அதைச் சேர்த்து உருக்கி எடுத்துக்கொள்வார். அதற்காகத்தான் சேதாரம் என்று தனியாக வாங்குகிறார்கள். பதிக்க முன் உள்ள நிறைக்கும் காசு வாங்கி, சேதாரமும் வாங்கினால் ஒன்றுக்கு இரண்டு தரம் கொடுத்ததாகும்.

முறை இதுதான்: கற்களைப் பதிக்க முன் தனியாக நிறுத்து எழுத வேண்டும், வேலை முடிந்த நகையை நிறுக்க வேண்டும், பின்னதில் முன்னதைக் கழிக்க வேண்டும்.

சேதாரத்தை முழுப் பில்லுக்கும் வீதமாப் போடுறாங்களே, அது சரியோ?

சேதாரம் போவது பவுணில், கல்லில் இல்லை. மேலுள்ள கணக்கில் 126,000 க்கு 10 வீதம் என்றால் 12,600. கல்லையும் சேர்த்து 386,000 க்கு 10 வீதம் என்றால் 38,600. கல் பதிக்கும் கூலியைக் கல்லுக்கு இவ்வளவு என்று வாங்குவது நியாயம், பதினொரு கல் பதிப்பது ஒரு கல் பதிப்பதைவிட வேலைதான். அதை வெளிப்படையாக எழுதட்டும்.

ரெண்டு மோதிரத்திலயும் மொத்தம் 0.80 கரட்தான். ஒண்டு ஏன் இவ்வளவு விலை கூட?

வைரத்தின் விலை பவுண் மாதிரி நிறையோடு நேராக ஏறாது. பெரிய கல் அரிது என்பதால் கல் பெரிதாகப் பெரிதாக ஒரு கரட்டுக்கான விலையே கூடும். தங்கையின் மோதிரத்தில் 260,000 ஐ 0.80 ஆல் பிரித்தால் கரட் 325,000 என்று வரும். அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. நடுக்கல் கரட் 400,000 படி போயிருக்கிறது, பக்கக் கற்கள் 200,000 படி. இருபத்தாறு சிறு கற்களைச் சேர்த்து 0.80 ஆக்கிய மோதிரம் மலிவாக இருப்பதில் அதிசயம் இல்லை. அதற்கு மேல் நிறம், தெளிவு, வெட்டு மூன்றும் சேரும்.

நடுக்கல்லுக்கு ஆய்வுகூடச் சான்றிதழ் கேளுங்கள். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம் என்றால் அதில் அப்படியே போட்டிருக்கும். அதுவும் வைரம்தான், ஆனால் விலை மிகக் குறைவு. கடையில் பேனை மாதிரி ஒன்றால் தொட்டுப் பார்க்கும் கருவி வெப்பம் கடத்துவதை அளப்பது, நிலத்தில் விளைந்ததையும் வளர்த்ததையும் அதனால் பிரிக்க முடியாது.

ஏற்கெனவே பதிச்ச கல்லு. கழட்டாம நிறையை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

அளந்து மதிப்பிடலாம். வட்டக் கல்லுக்கு அத்தான் பாவிக்கும் கணக்கு இது, அளவுகள் மில்லிமீற்றரில்:

```
விட்டம் × விட்டம் × ஆழம் × 0.0061 = கரட்
5.1 × 5.1 × 3.15 × 0.0061 = 0.50
```

ஆழத்தை அளக்க முடியாத பதிப்பில் இது குத்துமதிப்புத்தான். இந்த 0.0061 வைரத்துக்கு மட்டும் உரியது. கழற்றிய கல்லை அளந்தால் 0.50 வருகிறது, தராசில் வைத்தால் 0.80 காட்டுகிறது என்றால் அது வைரம் இல்லை. சேர்க்கோனியா எனப்படும் செயற்கைக் கல் வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரமானது.

750 எண்டு அடிச்சிருக்கு. அதை நம்பலாமோ?

முத்திரையை யாரும் அடிக்கலாம். உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்க்கலாம், எக்ஸ்ரே கருவியில் வைத்தும் பார்க்கலாம். எதுவானாலும் இரண்டு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள், வளையத்தில் ஒன்று, கல்லைத் தாங்கும் தலையில் ஒன்று. பல மோதிரங்களில் தலையை வேறாகச் செய்து ஒட்டுவார்கள். ரோடியம் பூசிய நகையில் மேற்பரப்பைப் பார்த்துச் சொல்லும் கணக்குப் பிழைக்கும், உட்பக்கம் சிறிது சுரண்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பெரிய தொகை என்றால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் சோதித்துக்கொள்வது நல்லது.

திரும்பிக் குடுத்தா எவ்வளவு வரும்? உருக்கித் தரச் சொல்றாங்கள்.

பவுணுக்கு அன்றைய விலையில் ஏறத்தாழ முழுதும் கிடைக்கும், கூலியும் சேதாரமும் திரும்பாது. நடுக்கல்லுக்குச் சான்றிதழ் இருந்தால் ஒரு பகுதி வரும். மூன்று சென்ட் கற்களுக்கு அனேகமாக ஒன்றும் கொடுக்க மாட்டார்கள், கழற்றும் கூலியே அதை விழுங்கிவிடும். அடகு பிடிப்பவரும் பவுணை மட்டும்தான் பார்ப்பார். வாங்கும்போதே கல்லை என்ன கணக்கில் திரும்ப எடுப்பீர்கள் என்று பில்லில் எழுதி வாங்கினால்தான் பேச இடம் இருக்கும்.

உருக்க முன் கற்களைக் கழற்றச் சொல்லி, எண்ணி வாங்குங்கள், அவை சிறியவை என்றாலும். வைரம் கரிதான். காற்றுப் படும் கடும் சூட்டில் மேற்பரப்பு எரிந்து பால்போல மங்கிவிடும். பற்றவைக்கும்போது பத்தர் கல்லுக்கு மேல் போரிக் அமிலக் குழம்பு பூசுவது அதைத் தடுக்கத்தான்.

கல்யாணச் சாமான் கொப்பியில இதை எத்தினை பவுண் எண்டு எழுதுறது?

தங்கையின் மாமியாரும் இதைத்தான் கேட்டனுப்பினார். மொத்த நிறையை 8 ஆல் பிரித்தால் 0.545 வரும், ‘அரைப் பவுணுக்கு மேல்’ என்று எழுதலாம் போலத் தோன்றும். ஆனால் பட்டியலில் மற்றக் காப்பும் சங்கிலியும் 22 கரட். அதே கணக்கில் எழுத, சுத்தத் தங்கம் 3.15 கிராமை 22 ஆல் பிரித்து 24 ஆல் பெருக்க வேண்டும். 3.44 கிராம், 0.43 பவுண். நான் அப்படியே ‘0.43 பவுண், கல் வேறு’ என்று எழுதிக் கொடுத்தேன். அரைப் பவுண் என்றுதானே சொன்னார்கள் என்று அவர்கள் வீட்டில் கொஞ்சம் முகம் சுளித்தார்களாம். பிறகு கல்லின் விலையைப் பக்கத்தில் எழுதிய பின்தான் சமாதானம்.